கரோசல் தொடருக்கு ஒரே டெம்ப்ளேட்: நிறம், நிலையான உறுப்புகள், ஸ்லைடு எண்

சென்ற வாரப் பதிவின் கோப்பைத் திறந்து, எழுத்தை மட்டும் மாற்றி, வேறு பெயரில் சேமித்துக்கொள்வதையே பலர் டெம்ப்ளேட் என்று அழைக்கிறார்கள். இன்னும் சிலர், எல்லா ஸ்லைடும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள் என்று எண்ணி, நான்கு பதிவுகளுக்குப் பிறகு சலிப்புத் தட்டுகிறது என்று சொல்லி அதைக் கைவிடுகிறார்கள். இரண்டுமே டெம்ப்ளேட் அல்ல. முதலாவது வெறும் நகலெடுப்பு. இரண்டாவது, எதை மாற்றலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால் வந்த விளைவு.

கரோசல் என்பது, ஒரே பதிவுக்குள் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கும்படி அடுக்கப்பட்ட படங்களின் வரிசை. அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு படமும் ஒரு ஸ்லைடு. ஒரே பொருளைப் பல பதிவுகளாகப் பிரித்து, வாரம் ஒன்றாகவோ மாதம் ஒன்றாகவோ வெளியிட்டால் அது தொடர் ஆகிறது. தனி ஒரு கரோசலுக்கு டெம்ப்ளேட் இல்லாமலே சமாளித்துவிடலாம். தொடருக்கு அப்படி முடியாது. இக்கட்டுரை தொடரைப் பற்றியது.

## அச்சிட்ட படிவமும் அதன் நகலும்

ஓர் அலுவலகத்தில் தரப்படும் அச்சிட்ட படிவத்தை எண்ணிப் பாருங்கள். அதில் மூன்று வகைப் பகுதிகள் இருக்கும். தலைப்பும் கட்டங்களின் கோடுகளும் யாருக்கும் மாறாதவை. பாலினம், மணநிலை போன்றவை, கொடுத்திருக்கும் சில விடைகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடியவை. பெயரும் முகவரியும் நாமே நிரப்புபவை, ஆனாலும் கொடுத்த கட்டத்துக்குள் அடங்க வேண்டியவை. டெம்ப்ளேட்டும் இதுபோன்றதே: மாறாதவை எவை, வரம்புக்குள் மாறுபவை எவை, சுதந்திரமாக நிரப்பப்படுபவை எவை என்று பிரித்து எழுதிய முடிவுகளின் தொகுப்பு.

நகலெடுப்பில் உள்ள சிக்கலும் இதே படிவத்தில் தெரியும். மூலப் படிவத்திலிருந்து நூறு நகல் எடுத்தாலும் நூறும் நேராக இருக்கும். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று எடுத்துக்கொண்டே போனால், கோடுகள் சாய்ந்து, எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டுவிடும். கரோசலிலும் அதுவே நிகழ்கிறது. மூன்றாம் பகுதியில் தலைப்பு நீளமாக இருந்ததால் எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்திருப்பீர்கள். நான்காம் பகுதியை மூன்றாம் பகுதியிலிருந்து நகலெடுத்திருப்பீர்கள். குறைந்த அளவே அதற்குப் பிறகு வழக்கமான அளவாகிவிடும். யாரும் எடுக்காத ஒரு முடிவு, தொடரின் விதியாக மாறிவிடுகிறது. இப்படிச் சிறிது சிறிதாக மூலத்தை விட்டு நகர்வதை இக்கட்டுரையில் விலகல் என்று குறிப்பிடுகிறேன்.

ஆகவே முதல் வேலை எளிது. உள்ளடக்கம் எதுவும் இல்லாத ஒரு மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியும் அதிலிருந்தே தொடங்க வேண்டும், முந்தைய பகுதியிலிருந்து அல்ல. மூலத்தை மாற்றுவதென்றால் தெரிந்தே, மூலக் கோப்பில்தான் மாற்ற வேண்டும்.

## எடுத்துக்காட்டாக ஒரு தொடர்

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ‘கடவுச்சொல் பாதுகாப்பு’ என்பது தொடரின் பெயர். மொத்தம் 6 பகுதிகள். நாம் இப்போது மூன்றாம் பகுதியைச் செய்கிறோம். அதன் பொருள் இருபடிச் சரிபார்ப்பு. 8 ஸ்லைடுகள். முதலாவது அட்டை. இரண்டாவது, கடவுச்சொல் மட்டும் ஏன் போதாது என்ற விளக்கம். மூன்று முதல் ஆறு வரை நான்கு படிகள்: கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளைத் திறப்பது, குறுஞ்செய்தியா செயலியா என்று தேர்வது, செயலியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வது, மீட்புக் குறியீடுகளைப் பத்திரப்படுத்துவது. ஏழாவது ஓர் எச்சரிக்கை. எட்டாவது, அடுத்த பகுதி எதைப் பற்றியது என்ற அறிவிப்பு.

எட்டு ஸ்லைடு என்றாலும் எட்டு வடிவங்கள் தேவையில்லை. அட்டை, விளக்கம், படி, முடிவு என்று நான்கு அமைப்புகள் போதும். அமைப்பு என்பது, ஒரு ஸ்லைடில் எது எங்கே, எந்த அளவில் நிற்க வேண்டும் என்ற வரைபடம். எச்சரிக்கைக்குத் தனி அமைப்பு வேண்டும் என்று ஆசையாக இருக்கும். விளக்க ஸ்லைடையே பின்னணி நிறம் மாற்றிப் பயன்படுத்தினால் வேலை முடிந்துவிடும். அமைப்புகளின் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டினால், தொடரைத் தொடங்கியவருக்கே எது எப்போது என்று மறந்துபோகும்.

ஒவ்வொரு ஸ்லைடும் 1080 பிக்சல் அகலம், 1350 பிக்சல் உயரம். இது 4:5 என்ற விகிதம். நான்கு பக்கமும் 90 பிக்சல் ஓரம் விட்டால், எழுத்துக்கும் படத்துக்கும் 900 பிக்சல் அகலம் கிடைக்கும். இந்த 90 அலங்காரத்துக்காக வைத்த எண் அல்ல. அதற்கான காரணம் பின்னால் வரும்.

## நிறம்: பெயரால் அல்ல, பொறுப்பால்

‘எங்கள் தொடரின் நிறங்கள் நீலமும் மஞ்சளும்’ என்று சொல்வதால் டெம்ப்ளேட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. எந்த நீலம், அது எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்பதுதான் விதி. நிறத்தைக் குறிக்கக் கணினியில் ஹெக்ஸ் குறியீடு என்ற ஆறிலக்கக் குறியீடு பயன்படுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளி ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதை அது சொல்லும். நம் தொடருக்கு மூன்று நிறங்களும் அவற்றின் பொறுப்பும் இவை:

```
பின்னணி   #FFF8E7   (வெளிர் மஞ்சள் கலந்த வெண்மை)
எழுத்து    #1B2A41   (அடர் நீலம்)
அழுத்தம்   #F2B134   (கடுகு மஞ்சள்)
```

பின்னணி என்பது பரப்பின் பெரும்பகுதியை நிரப்புவது. எழுத்து நிறம் படிப்பதற்கானது. அழுத்த நிறம், கண் முதலில் போக வேண்டிய ஓரிடத்துக்கு மட்டும் உரியது. நம் தொடரில் அது படி எண்ணைத் தாங்கும் வட்டமும், முக்கியச் சொல்லின் அடியில் வரும் பட்டையும். பொறுப்பால் பெயரிடுவதன் லாபம் பின்னால் தெரியும். நாளை கடுகு மஞ்சளை மாற்ற வேண்டியிருந்தால், ‘மஞ்சள் உள்ள இடமெல்லாம்’ என்று தேட வேண்டாம். ‘அழுத்தம்’ என்ற ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

புதியவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குகிறார்கள். மூன்று நிறங்கள் நன்றாகப் பொருந்துகின்றன என்பதால், எதையும் எதன் மேலும் வைக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை அளக்கும் எண்ணுக்கு மாறுபாட்டு விகிதம் என்று பெயர். அது 1-இல் தொடங்கி 21 வரை போகும். வெள்ளை மேல் வெள்ளை 1, வெள்ளை மேல் கறுப்பு 21. இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டுதல், வழக்கமான அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3 வேண்டும் என்கிறது. இதைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு ஹெக்ஸ் குறியீடுகளைக் கொடுத்தால் விகிதம் வந்துவிடும்.

நம் நிறங்களை அதில் போட்டுப் பார்ப்போம். வெண்மையின் மேல் அடர் நீலத்துக்கு 13-க்கும் அதிகம், தாராளம். அடர் நீலத்தின் மேல் கடுகு மஞ்சளுக்கு ஏறத்தாழ 7.6, அதுவும் நன்று. வெண்மையின் மேல் கடுகு மஞ்சளுக்கோ 1.8 கூட முழுதாக வரவில்லை. பெரிய கணினித் திரையில் அழகாகத் தெரியும் அந்த மஞ்சள் தலைப்பு, வெயிலில் பிடித்த கைப்பேசியில் காணாமல் போய்விடும். எனவே டெம்ப்ளேட்டில் நிறங்களை மட்டும் எழுதாமல், அனுமதிக்கப்பட்ட சோடிகளை எழுத வேண்டும்: வெண்மை மேல் நீல எழுத்து, நீலம் மேல் மஞ்சள் அல்லது வெண்மை எழுத்து, மஞ்சள் மேல் நீல எழுத்து. வெண்மை மேல் மஞ்சள் பட்டையாக வரலாம், எழுத்தாக வரக் கூடாது.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனி அடையாளம் வேண்டும் என்று விரும்புபவர்கள், அழுத்த நிறத்தை மட்டும் பகுதிக்குப் பகுதி மாற்றலாம். படிவத்தில் சொன்ன, வரம்புக்குள் மாறும் வகை இது. பகுதி ஒன்றுக்குக் கடுகு மஞ்சள், இரண்டுக்கு வெளிர் பச்சை, மூன்றுக்கு இளஞ்சிவப்பு என்று ஆறு நிறங்களை முன்பே தேர்ந்துவிட வேண்டும். அவை எல்லாவற்றின் வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஐந்து நிறங்கள் வெளிறியவையாக இருந்து, ஆறாவது மட்டும் அடர் சிவப்பாக அமைந்தால், அதன் மேல் நீல எழுத்து படியாது, அந்த ஒரு பகுதிக்காக எழுத்து நிறத்தை மாற்ற நேரும், விலகல் தொடங்கிவிடும்.

இன்னொரு சிறு காரணமும் உண்டு. பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து நிறத்தைச் சொட்டுக்குழாய்க் கருவியால் எடுப்பது பலரின் வழக்கம். ஜேபெக் போன்ற சுருக்கப்பட்ட படங்களில் நிறம் சற்றே மாறியிருக்கும். `#1B2A41` எடுக்கப்போய் `#1C2B43` கைக்கு வரும். ஒருமுறை என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படி எடுத்தால், ஆறாம் பகுதியை முதல் பகுதிக்கு அருகில் வைக்கும்போது வேறுபாடு தெரிந்துவிடும். குறியீட்டைத் தட்டச்சு செய்யுங்கள், அல்லது செயலியின் நிறத் தொகுப்பில் சேமித்து அங்கிருந்து எடுங்கள்.

சுருங்கச் சொன்னால், நிறத்துக்கு மூன்று விதிகள் போதும்: ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொறுப்பு, அனுமதிக்கப்பட்ட சோடிகளின் பட்டியல், குறியீட்டைக் கண்ணால் அல்லாமல் எழுத்தால் எடுத்துக்கொள்வது.

## மீண்டும் மீண்டும் வரும் உறுப்புகள்

லோகோ, கணக்கின் பெயர், தொடரின் பெயர், ஸ்லைடு எண், ‘தள்ளிப் பாருங்கள்’ என்பதற்கான அம்புக்குறி ஆகியவை எல்லா ஸ்லைடிலும் அல்லது பெரும்பாலானவற்றில் வருபவை. இவற்றை நிலையான உறுப்புகள் என்போம். இவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஸ்லைடு மட்டும் தனியாக ஒருவரிடம் போய்ச் சேர்ந்தால், அவருக்கு எது தேவைப்படும்?

இது கற்பனையான கேள்வி அல்ல. நான்காவது ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்புபவர்கள் உண்டு. முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் கடந்து போனவருக்கு, இன்ஸ்டாகிராம் அதே பதிவைப் பிறகு இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவதும் உண்டு. அட்டையில் மட்டும் பெயரை வைத்திருந்தால் இவர்கள் யாருக்கும் இது யாருடைய பதிவு, எந்தத் தொடர் என்று தெரியாது. ஆகவே கணக்கின் பெயரும் தொடரின் பெயரும் சிறிய எழுத்தில் எல்லா ஸ்லைடிலும் வர வேண்டும். லோகோ அட்டையிலும் முடிவிலும் இருந்தால் போதும் என்பது என் கருத்து. எட்டு இடத்திலும் வைப்பவர்கள் படிப்பவரின் இடத்தைத் தின்கிறார்கள்.

அடுத்தது இடம். ‘மேலே இடப்பக்கம்’ என்பது இடம் அல்ல; இடப்பக்கத்திலிருந்து 90, மேலிருந்து 90 பிக்சல் என்பதுதான் இடம். இவ்வளவு துல்லியம் எதற்கு என்று தோன்றலாம். கரோசலில் ஸ்லைடுகள் பக்கவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. ஒன்று வெளியேறும்போது மற்றது ஒட்டியபடி உள்ளே வருகிறது. இரண்டிலும் தொடரின் பெயர் ஒரே உயரத்தில் இருந்தால் அது ஒரே கோட்டில் வழுக்கிச் செல்வதாகத் தெரியும். 12 பிக்சல் ஏறியோ இறங்கியோ இருந்தால், அச்சில் கவனிக்காத அந்த வேறுபாடு, இங்கே ஒரு துள்ளலாகக் கண்ணில் படும்.

இப்போது ஓரத்துக்கு வருவோம். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் தன் சுயவிவரப் பக்கத்தில் உள்ள சிறு படங்களைச் சதுரத்திலிருந்து 3:4 என்ற நெட்டை வடிவத்துக்கு மாற்றியது. 1080-க்கு 1350 அளவுள்ள அட்டை அந்தக் கட்டத்துக்குள் போகும்போது இரு பக்கமும் ஏறத்தாழ 34 பிக்சல் வெட்டுப்படுகிறது. முன்பு சதுரமாக இருந்தபோது மேலும் கீழும் 135 பிக்சல் போயிற்று. பக்க ஓரம் 90 என்று வைத்ததால் இன்றைய வெட்டு நம் எழுத்தைத் தொடுவதில்லை. ஓரத்திலிருந்து 20 பிக்சலில் பெயரை ஒட்டியவர்களுக்கு முதல் எழுத்தே போய்விடும்.

இதைவிடப் பெரிய வெட்டு ஒன்று உண்டு, அதைப் பலர் காரணம் தெரியாமல் அனுபவிக்கிறார்கள். இன்ஸ்டாகிராம் கரோசலில் முதல் ஸ்லைடின் விகிதமே மற்றவற்றுக்கும் விதிக்கப்படும். அட்டையை மட்டும் 1080-க்கு 1080 சதுரமாகச் செய்து, மற்றவற்றை 1350 உயரத்தில் வைத்தால், அவை எல்லாம் சதுரமாக வெட்டப்படும். மேலிருந்த தொடரின் பெயரும் கீழிருந்த ஸ்லைடு எண்ணும் ஒரே நேரத்தில் காணாமல் போயிருந்தால், கோளாறு அந்த உறுப்புகளில் இல்லை, அட்டையின் அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நிலையான உறுப்புகளைக் கையால் ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒட்டுவதை விட, ஓரிடத்தில் வைத்து எல்லா இடத்திலும் தெரியச் செய்வதே உண்மையான டெம்ப்ளேட் இயக்கம். பவர்பாயின்ட்டில் இதற்கு ஸ்லைடு மாஸ்டர் இருக்கிறது: அதில் வைத்தது எல்லா ஸ்லைடிலும் தெரியும், ஸ்லைடில் வேலை செய்யும்போது தவறுதலாக நகராது. ஃபிக்மாவில் கம்போனென்ட் என்ற மூல உறுப்பு இருக்கிறது. அதிலிருந்து எடுத்த பிரதிகள் மூலத்தோடு கட்டப்பட்டிருக்கும், மூலத்தை மாற்றினால் எல்லாம் மாறும். ஆனால் பிரதியை மூலத்திலிருந்து பிரித்துவிட்டால் அந்தக் கட்டு அறுந்துவிடும். ஏதோ ஒரு ஸ்லைடில் மட்டும் பழைய லோகோ நின்றால், அங்கே யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று பொருள்.

## தமிழ் எழுத்துக்கு ஒரு குறிப்பு

ஆங்கில எழுத்தை வைத்துச் செய்த ஆயத்த டெம்ப்ளேட்டில் தமிழை நிரப்பினால் தலைப்பு வழிந்து ஓடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்துகளும் மேலும் கீழும் சுழிகளோடு நிற்பவை. அப்போது கை தானாக எழுத்தளவைக் குறைக்கப் போகும். விலகலின் மிகப் பொதுவான தொடக்கம் இதுதான். 1080 பிக்சல் அகலமுள்ள ஸ்லைடு கைப்பேசியில் ஏறத்தாழ 7 செ.மீ. அகலத்துக்குச் சுருங்குகிறது, 24 பிக்சல் எழுத்துக்கு அங்கே ஒன்றரை மில்லிமீட்டர்தான் கிடைக்கும். நம் தொடரில் தலைப்பு 76, உரை 42, சிறு குறிப்பு 30 என்று மூன்று அளவுகளை மட்டும் வைத்து, வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வைப்போம். தலைப்பு இரண்டு வரிக்கு மிஞ்சினால் எழுத்தைச் சுருக்கக் கூடாது. வாக்கியத்தைச் சுருக்க வேண்டும்.

## ஸ்லைடு எண்: ஒன்றல்ல, மூன்று

எண் போடுவதில் என்ன சிக்கல் இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் தொடரில் குழப்பம் அதிகம் விளைவது இங்கேதான், ஏனெனில் ஒரே ஸ்லைடில் மூன்று வெவ்வேறு எண்கள் போட்டியிடுகின்றன.

நம் நான்காவது ஸ்லைடைப் பாருங்கள். இது தொடரின் 3-ஆம் பகுதி. பதிவின் 4-ஆம் ஸ்லைடு. செய்முறையின் 2-ஆம் படி. மூன்றையும் வெறும் எண்ணாகப் போட்டால், ‘3’, ‘4’, ‘2’ என்று மூன்று எண்கள் ஒரே பரப்பில் நிற்கும். எது எதற்கு என்று படிப்பவர் யோசிக்க வேண்டும். இவற்றைப் பகுதி எண், ஸ்லைடு எண், படி எண் என்று பிரித்துக்கொள்வோம்.

பிரிப்பதற்கு வழி, மூன்றுக்கும் மூன்று இடம், மூன்று தோற்றம் கொடுப்பது. பகுதி எண் எப்போதும் தொடரின் பெயரோடு ஒட்டி, சொல்லோடு வர வேண்டும்: மேலே இடப்பக்கம் 30 பிக்சல் எழுத்தில் ‘கடவுச்சொல் பாதுகாப்பு · பகுதி 3’. படி எண் மட்டுமே பெரியதாக இருக்கலாம். அழுத்த நிற வட்டத்துக்குள், தலைப்புக்கு மேல், ‘படி 2’. ஸ்லைடு எண் கீழே வலப்பக்கம், சிறியதாக, ‘4/8’. பெரிய எண் ஒன்றே என்பதுதான் இதில் விட்டுக்கொடுக்க முடியாத விதி. ஸ்லைடு எண்ணைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் படி எண்ணையும் பெரிதாகப் போட்ட கரோசல்களில், ‘நான்காவது படியில் என்ன செய்யச் சொன்னீர்கள்?’ என்று கேட்பவர் உண்மையில் நான்காவது ஸ்லைடைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஸ்லைடு எண்ணை மேலே வலப்பக்கம் வைக்காததற்கும் காரணம் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் தானே அந்த மூலையில் ‘4/8’ என்ற சிறு அடையாளத்தைச் சில நொடி காட்டி மறைக்கிறது. நம் எண்ணும் அங்கேயே இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும். தளமே எண் காட்டும்போது நாமும் எதற்குப் போட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. தளத்தின் எண் மறைந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் தனியாகப் பகிரப்படும்போதும், அதே ஸ்லைடுகளை பிடிஎஃப் கோப்பாக லிங்க்ட்இன்னில் ஏற்றும்போதும் நம் எண் ஸ்லைடோடு கூடவே போகும். படிப்படியான செய்முறைக்கு எண் கட்டாயம் வேண்டும். நான்கைந்து படங்களின் தொகுப்பு மட்டும் என்றால் விட்டுவிடலாம்.

அட்டையை எண்ணிக்கையில் சேர்ப்பதா என்பது அடுத்த கேள்வி. அட்டையில் எண்ணைக் காட்ட வேண்டாம், ஆனால் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இரண்டாவது ஸ்லைடில் நாம் ‘1/7’ என்போம், தளம் அதே நொடியில் ‘2/8’ என்று காட்டும்.

இனி மொத்த எண்ணிக்கை. ‘4/8’ என்று போடுவதில் வசதி உண்டு, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரியும். அதற்கு ஒரு விலையும் உண்டு. வெளியிடும் முன்பு, குறுஞ்செய்திக்கும் செயலிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு ஸ்லைடு சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் எண் மட்டும் என்றால் ஐந்தாவதிலிருந்து பின்னால் வருபவற்றை மட்டும் திருத்தினால் போதும். ‘/8’ இருந்தால், அட்டை தவிர்த்த எல்லா ஸ்லைடிலும் அது ‘/9’ ஆக வேண்டும். கையால் திருத்தும்போது ஏதோ ஒன்று விடுபடும். ‘6/8’-க்குப் பின் ‘7/9’ என்று வரும் கரோசல்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இதைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். பவர்பாயின்ட்டின் ஸ்லைடு மாஸ்டரில் ஒரு சாதாரண எழுத்துப் பெட்டியை வைத்து, அதற்குள் ஸ்லைடு எண்ணைச் செருகினால் `‹#›` என்ற குறி வரும். ஒவ்வொரு ஸ்லைடிலும் அது அந்த ஸ்லைடின் எண்ணாகத் தானே மாறும். மொத்த எண்ணிக்கையைப் பவர்பாயின்ட் தானாகத் தருவதில்லை. ஆகவே அதே பெட்டியில் அதன் பின்னால் நாமே தட்டச்சு செய்ய வேண்டும்:

```
‹#›/8
```

ஸ்லைடு கூடினால் இந்த ஓரிடத்தில் 8-ஐ 9 ஆக்கினால் எல்லா ஸ்லைடிலும் மாறிவிடும். அட்டைக்கான அமைப்பில் மட்டும் பின்னணி உறுப்புகளை மறைக்கும் வசதியைத் தேர்ந்தால் அங்கே எண் தெரியாது; மாஸ்டரில் வைத்த தொடரின் பெயரும் கணக்கின் பெயரும் கூடவே மறையும் என்பதால், அவற்றை அந்த அமைப்பில் தனியாக வைக்க வேண்டும். இப்படித் தானியங்கி எண் இல்லாத செயலியில் வேலை செய்பவர்கள், வரிசையும் எண்ணிக்கையும் உறுதியான பிறகு, கடைசி வேலையாக எண் போடுவதே பாதுகாப்பு.

எண்ணுக்குப் பதில் முன்னேற்றப் பட்டை போடுபவர்களும் உண்டு. 900 பிக்சல் அகலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு ஸ்லைடுக்கு 112.5, ஒன்பதாகப் பிரித்தால் 100. ஸ்லைடு கூடும்போது ஒவ்வொரு பட்டையையும் புதிதாக வரைய வேண்டும். அழகுக்காக இந்த வேலையை ஏற்பவர்கள் ஏற்கலாம்.

கோப்புப் பெயரும் எண்ணில் சேர்ந்ததுதான். `1.png`, `2.png` என்று பெயரிட்டு, ஸ்லைடுகள் பத்தைத் தாண்டினால், பெயரை எழுத்து வரிசையில் அடுக்கும் இடங்களில் `10.png` இரண்டுக்கு முன்னால் போய் நிற்கும். இன்ஸ்டாகிராம் 2024 முதல் ஒரு கரோசலில் 20 படங்கள் வரை அனுமதிப்பதால் இந்தச் சிக்கல் முன்பைவிட எளிதில் வரும். பகுதி எண்ணையும் ஸ்லைடு எண்ணையும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதுவதே தீர்வு:

```
kp-03-01.png
kp-03-02.png
kp-03-10.png
```

வெளியிட்ட பிறகு நடுவிலுள்ள ஒரு ஸ்லைடைத் தளத்தில் நீக்க முடியும். ஆனால் படத்துக்குள் பதிந்த எண் மாறாது. 5-ஐ நீக்கினால் 4/8-க்குப் பின் 6/8 வரும். பிழை சிறியது என்றால் நீக்காமல் குறிப்பில் திருத்தம் எழுதுவதும், பெரியது என்றால் முழுப் பதிவையும் மறுபடி ஏற்றுவதும் நல்லது.

எண்ணைப் பற்றிச் சொன்னவற்றின் சாரம்: மூன்று எண்களைக் குழப்பாதிருங்கள், ஒன்றை மட்டும் பெரிதாக்குங்கள், அட்டையையும் எண்ணிக்கையில் சேருங்கள், மொத்த எண்ணிக்கையை ஓரிடத்தில் மட்டும் எழுதுங்கள்.

## விலகலைக் கண்டுபிடிப்பது

வெளியிடும் முன் இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, எட்டு ஸ்லைடையும் சிறு படங்களாக ஒரே திரையில் அடுக்கிப் பார்ப்பது; அவற்றோடு முந்தைய பகுதியின் எட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத நிற வேறுபாடும் ஓர வேறுபாடும் அங்கே தெரியும். இரண்டாவது, பிடிஎஃப் ஆக்கி, முழுத் திரையில், அம்பு விசையால் முன்னும் பின்னும் வேகமாகப் புரட்டுவது. தொடரின் பெயரும் ஸ்லைடு எண்ணின் இடமும் ஆணி அடித்ததுபோல் நிற்க வேண்டும். எது துடிக்கிறதோ அது மூலத்திலிருந்து நகர்ந்திருக்கிறது.

## மாற்ற வேண்டியிருந்தால்

டெம்ப்ளேட்டை மீற வேண்டிய இடங்களும் வரும். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும் படிக்குத் திரைப் படம் ஒன்றைப் பெரிதாகக் காட்ட வேண்டியிருக்கலாம். அப்போது உரைக்கான இடத்தைப் படத்துக்குக் கொடுத்துவிட்டு, தொடரின் பெயரையும் எண்ணையும் மட்டும் தம் இடத்திலேயே வைத்தால் போதும். படத்தின் மேல் அவை படியாவிட்டால் மேலும் கீழும் பின்னணி நிறத்தில் 150 பிக்சல் பட்டை விடலாம். அட்டைக்கும் இதைவிடச் சற்று அதிகச் சுதந்திரம் கொடுக்கலாம், தொடரின் பெயரும் அழுத்த நிறமும் தவறாத வரையில்.

டெம்ப்ளேட்டையே மாற்றும் எண்ணம் மூன்றாம் பகுதிக்கு மேல் எல்லோருக்கும் வரும், ஏனெனில் செய்பவர் அதைப் பார்க்கும் அளவுக்குப் படிப்பவர் பார்ப்பதில்லை. எழுத்து படிக்க முடியவில்லை, எண் வெட்டுப்படுகிறது போன்ற கோளாறு என்றால் உடனே மூலக் கோப்பில் திருத்தி, அடுத்த பகுதியிலிருந்து பயன்படுத்துங்கள். அலுத்துவிட்டது என்பது மட்டும் காரணமாக இருந்தால் ஆறாம் பகுதி வரை பொறுத்து, புதிய தொடருக்குப் புதிய மூலக் கோப்பைத் தொடங்குங்கள். பழையதை அழிக்காமல் `kp-template-v1` என்பதுபோன்ற பெயரில் வைத்திருந்தால், பழைய பகுதி ஒன்றைத் திருத்தி மறுபடி ஏற்ற நேரும் நாளில் அது அப்படியே கைக்கு வரும்.